கசகசாத் தோல் கஷாயம்: அளவு தெரியாத மருந்து



வடக்கே லாரி ஓட்டப் போகிறவர்களும் வியாபாரத்துக்காக ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், பஞ்சாப் பக்கம் போய் வருகிறவர்களும் நம் குடும்பங்களில் உண்டு. அங்கே நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைகளிலும் கிராமத்து விருந்துகளிலும் ஒரு கஷாயம் கிடைக்கும். கசகசாச் செடியின் காய்ந்த காய்த் தோலை ஊறவைத்து வடித்தது அது. பஞ்சாபில் அந்தத் தோலைப் புக்கி என்பார்கள், ராஜஸ்தானில் டோடா என்பார்கள், நம் பழைய மருத்துவ நூல்கள் போஸ்தக்காய் என்று குறிப்பிடும். "உடம்பு வலிக்கு நல்லது, தூக்கம் வரும், பாட்டன் காலத்திலிருந்து குடிப்பதுதான், இலை தழை போலத்தான்" என்று சொல்லி ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுப்பவர்களும் உண்டு.

இந்த இதழின் பாடத்தில் அந்தச் சொல்லை ஆராய்வோம். கசகசாத் தோல் கஷாயமும் அபினும் பழமையான வழக்கங்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கோப்பைக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது அதைக் காய்ச்சியவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. ஆபத்து முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கிறது.

விதை, தோல், அபின்

முதலில் மூன்று பொருள்களைப் பிரித்துத் தெரிந்துகொள்வோம். மூன்றும் ஒரே செடியிலிருந்து வருவதால்தான் குழப்பம்.

குருமாவுக்கு அரைக்கிற கசகசா என்பது அந்தச் செடியின் விதை. விதைக்குள் போதைப் பொருள் கிடையாது. காயை உடைக்கும்போது விதையின் மேல் ஒட்டிக்கொள்ளும் பாலும் தூசியும் மட்டுமே அதில் சொற்பமாக இருக்கும். கழுவி, வறுத்து, அரைத்துச் சமையலில் சேர்க்கும் அளவுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இந்த விதைக்கே தடை உண்டு. அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெட்டியில் மசாலாவோடு மசாலாவாக இதை வைத்து அனுப்பிவிடக் கூடாது.

இரண்டாவது, விதையைச் சுற்றியிருக்கும் காயின் தோல். போதைப் பொருள் இருப்பது இதில்தான். மூன்றாவது, பச்சைக் காயைக் கீறும்போது வடிகிற பால். அது உறைந்து கருத்துப் பிசின் போல ஆனால் அதுவே அபின். அபினில் மார்ஃபின், கோடீன் முதலிய பல பொருள்கள் இருக்கின்றன. வலியை அடக்குவதும் மயக்குவதும் அளவு மிஞ்சினால் மூச்சை நிறுத்துவதும் பெரும்பாலும் மார்ஃபினின் வேலை. ஆகவே தோல் கஷாயம் குடிப்பவர் உண்மையில் மார்ஃபின் குடிக்கிறார். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மில்லிகிராம் கணக்கில் எழுதிக் கொடுக்கும் அதே மார்ஃபினை இவர் கணக்கில்லாமல் குடிக்கிறார்.

ஒரே கரண்டி, வேறு வேறு அளவு

ஒரு கரண்டி சர்க்கரை என்றால் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே இனிப்புதான். கசகசாத் தோல் அப்படிப்பட்டதல்ல. காய்ந்த தோலில் மார்ஃபின் ஆயிரத்தில் ஒரு பங்கும் இருக்கலாம், நூற்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கலாம். செடியின் ரகம், மண், மழை, அறுவடை செய்த பருவம் எல்லாம் இதை மாற்றுகின்றன. ஒரே வயலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடிகளின் காய்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

இந்தியாவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் மட்டுமே இந்தச் செடியைப் பயிரிடலாம். வழக்கமாக அவர்கள் காயைக் கீறிப் பாலை எடுத்து அரசிடம் ஒப்படைப்பார்கள். பால் போன பிறகு மிஞ்சும் தோலில் மார்ஃபின் குறைவு. அண்மை ஆண்டுகளில் சில விவசாயிகளுக்குக் காயைக் கீறாமலே அறுத்துக் கொடுக்கும் வேறு வகை உரிமமும் தரப்படுகிறது. கீறாத காயின் தோலில் பால் முழுவதும் உள்ளேயே தங்கியிருக்கும். திருட்டுத்தனமாகக் கைமாறும் தோல் இடித்துப் பொடியாக வரும்போது, அது கீறிய காயா, கீறாத காயா என்று கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ சொல்ல முடியாது. நிறமும் கசப்பும் மார்ஃபினின் அளவைக் காட்டுவதில்லை.

அடுத்தது காய்ச்சும் விதம். பொடி எவ்வளவு நைசாக இருந்தது, எவ்வளவு நேரம் ஊறியது, எப்படிப் பிழிந்தார்கள், அடி வண்டலையும் சேர்த்துக் குடித்தார்களா என்பதைப் பொறுத்துத் தோலில் உள்ளதில் பாதியும் நீருக்கு வரலாம், முக்கால் பங்குக்கு மேலும் வரலாம். ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றினாலும் மேல் கோப்பையும் அடிக் கோப்பையும் ஒன்றாக இருக்காது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒவ்வொரு முறையும் 10 கிராம் பொடியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பொட்டலம் கீறிய காயின் தோல். அதில் மார்ஃபின் நூற்றுக்கு 0.2 பங்கு, அதாவது 10 கிராமில் 20 மில்லிகிராம். பாதி நீருக்கு வந்தால் கோப்பையில் 10 மில்லிகிராம். இரண்டாவது பொட்டலம் கீறாத காயின் தோல். அதில் நூற்றுக்கு 1 பங்கு, அதாவது 10 கிராமில் 100 மில்லிகிராம். முக்கால் பங்கு நீருக்கு வந்தால் கோப்பையில் 75 மில்லிகிராம். அதே கரண்டி, அதே பாத்திரம், அதே கை. ஆனால் குடித்தது ஏழரை மடங்கு.

மருத்துவமனையில் இதுவரை மார்ஃபின் எடுத்திராத பெரியவர் ஒருவருக்கு வாய்வழி மார்ஃபின் தொடங்கும்போது மருத்துவர் வழக்கமாக 5 முதல் 10 மில்லிகிராமில்தான் ஆரம்பிப்பார். வயதானவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் இன்னும் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்குப் போவார். நம் கணக்கில் வந்த இரண்டாவது கோப்பையை எந்த மருத்துவரும் ஒரு புதியவருக்குக் கொடுக்க மாட்டார்.

ஒரு வீட்டில் நடக்கக்கூடியது

இந்தக் கணக்கு ஒரு மனிதரின் உடம்புக்குள் எப்படி வேலை செய்யும் என்று ஓர் உதாரணத்தால் பார்ப்போம். இது யாருடைய கதையும் இல்லை, பாடத்துக்காக நாம் வகுத்துக்கொண்ட உதாரணம்.

வாப்பாவுக்கு 62 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மூட்டுவலி. கால் எரிச்சலுக்கு மருத்துவர் கொடுத்த பிரிகாபலின் மாத்திரையை இரவில் போடுகிறார். வடக்கே போய்வந்த உறவினர் ஒருவர் கொடுத்த பொட்டலத்திலிருந்து இரவில் ஒரு கோப்பை கஷாயம் குடிக்கிறார். வலி குறைகிறது, தூக்கம் வருகிறது. ஒரு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. இது பாதுகாப்பானது என்ற நம்பிக்கை வீட்டில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் முதல் பொட்டலம் மட்டும்தான்.

இரண்டாவது பொட்டலம் வருகிறது. அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடிக்கிறார். வயிறு நிறைந்திருப்பதால் மருந்து மெதுவாக ஏறுகிறது. அது போக, மார்ஃபின் குடலின் அசைவையே மந்தமாக்கும் பொருள். ஒரு மணி நேரமாகியும் வலி குறையவில்லை என்று இன்னொரு அரைக் கோப்பை குடிக்கிறார். இப்படித்தான் பலர் சிக்குகிறார்கள். முதல் கோப்பை இன்னும் முழுதாக ஏறாதபோதே இரண்டாவது உள்ளே போய்விடுகிறது. பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்போது அவர் தூங்கிவிட்டிருப்பார், எதையும் உணர மாட்டார்.

இங்கே சிறுநீரகத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். ஈரல் மார்ஃபினை வேறு பொருள்களாக மாற்றுகிறது. அவற்றில் ஒன்று மார்ஃபினைப் போலவே வலுவாக வேலை செய்யக்கூடியது. அது உடலை விட்டு வெளியேறும் வழி சிறுநீரகம். நீண்ட காலச் சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், அதாவது இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தால், அந்தப் பொருள் வெளியே போகாமல் நாளுக்கு நாள் சேரும். நேற்று ஒத்துக்கொண்ட அளவு இன்று மிஞ்சிய அளவாகிவிடும். அதோடு பிரிகாபலின், தூக்க மாத்திரை, மது இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும் வேலையில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை போகும்.

நள்ளிரவில் வாப்பா கரகரவென்று குறட்டை விடுகிறார். பல நாளுக்குப் பிறகு ஆழ்ந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று வீட்டார் கதவைச் சாத்துகிறார்கள். உண்மையில் அந்த ஒலி, தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு சிரமப்பட்டுப் போகும் ஒலியாக இருக்கலாம். மார்ஃபின் மிஞ்சினால் மூளை மூச்சு விடச் சொல்வதையே மறக்கத் தொடங்கும். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீளும், பிறகு நின்றுவிடும். வலியோ போராட்டமோ இருக்காது. அதனால்தான் பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரியாமல் போகிறது.

பழகிய உடம்பும் பழகாத உடம்பும்

"எங்கள் ஊர்க் கிழவர் நாற்பது வருடமாக அபின் சாப்பிடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார்" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அவருடைய உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது. தினமும் எடுத்து எடுத்து மூளை அந்த அளவைத் தாங்கக் கற்றிருக்கிறது. அவர் சாதாரணமாக எடுக்கும் அளவு, பழகாத ஒருவரின் மூச்சை நிறுத்திவிடலாம். அவர் தன் கோப்பையை அன்போடு விருந்தாளிக்கு நீட்டினாலும் விருந்தாளியின் உடம்பு அவருடைய உடம்பு இல்லை. குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். 1920களில் பம்பாயில் நெசவாலைக்கு வேலைக்குப் போன தாய்மார்கள், குழந்தை அழாமல் தூங்குவதற்காக அபின் கலந்த சிறு உருண்டைகளைக் கொடுத்தார்கள். அதைக் கண்டு அக்கால மருத்துவர்கள் எச்சரித்தார்கள். சின்ன உடம்புக்குப் பாதுகாப்பான வீட்டு அளவு என்று ஒன்று கிடையாது.

பழகிய உடம்பும் என்றென்றும் பழகியதாக இருப்பதில்லை. சில நாள்கள், சில வாரங்கள் நிறுத்தினாலே அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஆனால் கை பழைய அளவையே எடுக்கும். இந்த இடத்தை நம் குடும்பங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ரமலானில் நோன்புக்காக ஒருவர் நிறுத்துகிறார். பெருநாள் கழிந்து பழைய கூட்டத்தில் பழைய கோப்பையை எடுக்கிறார். உம்ராவுக்குப் போய்வந்தவர், மருத்துவமனையில் பத்து நாள் படுத்திருந்தவர், சிறையிலிருந்து திரும்பியவர் எல்லோருக்கும் இதே நிலைதான். உயிருக்கு அதிக ஆபத்தான கோப்பைகளில் ஒன்று, இடைவெளிக்குப் பிறகு எடுக்கும் முதல் கோப்பை.

நோன்பு நேரத்தில் இன்னொன்றும் வெளிப்படும். அடிமைப்பட்ட உடம்பு கடைசிக் கோப்பைக்குப் பிறகு 8 முதல் 12 மணி நேரத்திலேயே கேட்கத் தொடங்கும். ஸஹரிலிருந்து மஃரிபு வரை அதைவிட நீண்ட நேரம். அஸருக்குப் பிறகு ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்சு, வயிற்றுப் பிடிப்பு, பேதி, எரிச்சல், இருக்க முடியாத தவிப்பு ஆகியவை ஒரே ஆளுக்கு நாள்தோறும் வந்து இஃப்தாருக்குப் பின் மறைந்தால், அதைப் பசி என்று விட்டுவிடாமல் தனியே அழைத்துப் பேசுங்கள்.

பழமை என்ன சொல்கிறது

பழமையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதன் சாட்சியத்தை முழுவதும் கேட்க வேண்டும். பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பிரூனி மருந்துப் பொருள்களைப் பற்றி எழுதிய நூலில் அபினைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வெப்பமான ஊர்களில், குறிப்பாக மக்காவில், மக்கள் கவலையும் வெயிலின் வாட்டமும் தீரவும் நன்றாகத் தூங்கவும் தினமும் அபின் எடுக்கப் பழகுகிறார்கள் என்றும், சிறிய அளவில் தொடங்கி உயிரைப் பறிக்கும் அளவுவரை போய்விடுகிறார்கள் என்றும் அவர் குறிக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர்கள் இதை ஆபத்தாகப் பார்த்திருக்கிறார்கள்.

மொகலாயர் காலத்துச் சாட்சியம் இன்னும் நேரடியானது. அது தோல் கஷாயத்தைப் பற்றியே பேசுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் டில்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே இதை எழுதி வைத்திருக்கிறார். அரியணைக்குப் போட்டியாக வரக்கூடிய இளவரசர்களைக் குவாலியர் கோட்டையில் அடைத்து, வெளிப்படையாகக் கொல்ல விரும்பாதபோது, நாள்தோறும் காலையில் கசகசாக் காயை ஊறவைத்த நீரை ஒரு பெரிய கோப்பையில் கொடுப்பார்களாம். அதைக் குடிக்கும்வரை உணவு கிடையாது. அவர்கள் மெலிந்து, வலுவிழந்து, அறிவு மங்கி, மெல்ல மெல்ல இறந்துபோவார்கள். அதற்குப் பெயர் போஸ்து. தாரா ஷிகோவின் மகன் சுலைமான் ஷிகோ 1661ஆம் ஆண்டு பிடித்துவரப்பட்டு அவுரங்கசீபின் முன் நிறுத்தப்பட்டபோது, தமக்குப் போஸ்து கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொன்றுவிடும்படி கேட்டுக்கொண்டதாகவும், கொடுக்க மாட்டோம் என்று அரசர் வாக்களித்ததாகவும் பெர்னியே சொல்கிறார். மறு ஆண்டு சுலைமான் ஷிகோ குவாலியரிலேயே இறந்தார். வாளைவிட இந்தக் கோப்பைக்கு ஒரு வீரர் அஞ்சினார் என்றால், அக்காலத்தவருக்கு இதன் தன்மை நன்றாகவே தெரிந்திருந்தது.

ராஜஸ்தானில் திருமணம், துக்கம், சமரசப் பேச்சு என்று கூடும் இடங்களில் அபினை நீரில் கரைத்து உள்ளங்கையில் ஊற்றிக் கொடுக்கும் மரியாதை இன்றும் சில இடங்களில் இருக்கிறது. அபினை அவர்கள் அமல் என்கிறார்கள். நாம் தொழுகைக்கும் தர்மத்துக்கும் சொல்லும் அமல் என்ற சொல்லைப் போல ஒலித்தாலும் பொருள் வேறு. அந்த மாநிலத்தில் பதிவு செய்த பழக்கக்காரர்களுக்கு அரசு உரிமக் கடைகளில் தோல் விற்கும் ஏற்பாடு 2016 வரை நடந்து, பிறகு நிறுத்தப்பட்டது. கடை மூடினாலும் பழக்கம் ஒரே நாளில் மூடவில்லை. திருட்டுச் சரக்குக்குப் போனவர்களுக்குக் கோப்பையின் அளவு இன்னும் நிச்சயமற்றுப் போனது.

இப்போது விற்கும் அபின் அக்காலத்து அபினாகவும் இருப்பதில்லை. எடை கூட்டுவதற்காகக் கலப்படம் செய்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ஈரானில் ஈயம் கலந்த அபினால் ஏராளமானோர் கடும் வயிற்று வலி, இரத்தசோகை, கைகால் தளர்ச்சியோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அதே ஈரானின் கொலெஸ்தான் மாகாணத்தில் 2004 முதல் சுமார் 50,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதையும் பிற ஆய்வுகளையும் வைத்து, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2020ஆம் ஆண்டு அபின் பயன்பாட்டைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் முதல் வகையில் சேர்த்தது. குரல்வளை, நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்கள் அதில் சொல்லப்பட்டுள்ளன. நாற்பது வருடம் சாப்பிட்டும் நன்றாக இருக்கிறார் என்று நாம் காட்டும் ஒருவருக்குப் பின்னால், காட்ட முடியாமல் போனவர்கள் பலர்.

மருத்துவர் தரும் மார்ஃபினை மறுக்கலாமா?

இதைப் படித்துவிட்டுப் புற்றுநோயாளிக்கு மருத்துவர் எழுதிய மார்ஃபின் மாத்திரையை யாரும் ஒளித்து வைத்துவிடக் கூடாது. பொருள் ஒன்றுதான் என்றாலும் அங்கே அளவு தெரியும். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். சிறுநீரகத்தைப் பார்த்து, மற்ற மருந்துகளைக் கேட்டு, சிறிதாகத் தொடங்கி, நோயாளியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். தாங்க முடியாத வலிக்கு மருத்துவரின் கண்காணிப்பில் இதைக் கொடுக்கலாம் என்பதை மார்க்க அறிஞர்களும் ஏற்கிறார்கள். போதைக்காகவோ வழக்கத்துக்காகவோ எடுப்பது கொஞ்சமானாலும் கூடாது என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஐயம் இருந்தால் உங்கள் மஹல்லா இமாமிடமும் மருத்துவரிடமும் சேர்த்தே கேளுங்கள்.

ஆபத்தை எப்படி அறிவது, என்ன செய்வது

மூன்று அடையாளங்களை வீட்டில் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரக்கக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் எழவில்லை. மூச்சு மிக மெதுவாகவோ விட்டு விட்டோ போகிறது. கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது. உதடும் நகமும் நீலமாவது அடுத்த கட்டம். மூச்சைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவருக்கு வழக்கமாக 12 முதல் 20 இருக்கும். 10க்குக் கீழே இறங்கினால் காலைவரை காத்திருக்காதீர்கள். எழுப்ப முடியவில்லை என்றால் எண்ணிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம்.

108க்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் அவரை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, வாந்தி வந்தால் தொண்டையில் அடைக்காதபடி வாயைக் கீழ்நோக்கி வையுங்கள். கூடவே இருந்து மூச்சைக் கவனியுங்கள். மூச்சு நின்றால் 108இல் பேசுபவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். காபி கொடுப்பது, மோர் புகட்டுவது, குளிர்ந்த நீரை ஊற்றுவது, வாந்தி எடுக்க வைப்பது, நடக்க வைப்பது எதுவும் வேண்டாம். மயங்கியவர் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குள் போகும்.

மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள். என்ன குடித்தார், எப்போது, வேறு என்ன மாத்திரை போட்டார் என்று சொல்லி, பொட்டலம் இருந்தால் காட்டுங்கள். நலாக்சோன் என்ற ஊசி மார்ஃபினின் வேலையைச் சில நிமிடங்களில் முறிக்கும். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரைதான். குடலில் கிடக்கும் கஷாயம் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டிருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டார், பேசுகிறார் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வந்தால் மறுபடி மூச்சு மந்தமாகலாம். மருத்துவர் போகச் சொல்லும்வரை அங்கேயே வைத்திருங்கள்.

பழக்கம் இருப்பவருக்கு

தினமும் குடித்துப் பழகியவரைப் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்யாதீர்கள். தவிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். பேதியாலும் வாந்தியாலும் வயதானவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் நீர்ச்சத்து குறைந்து ஆபத்தாகலாம். அதைத் தாங்கி நிறுத்தியவரின் உடம்போ, நாம் முன்பு சொன்னபடி, தாங்கும் சக்தியை இழந்து அடுத்த கோப்பைக்கு எளிதில் பலியாகும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புப்ரெனார்ஃபின் போன்ற அளவு தெரிந்த மருந்தைக் கொடுத்துப் படிப்படியாக மீட்கும் சிகிச்சை இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும், எங்கே போகலாம் என்ற விவரமும் கிடைக்கும்.

சட்டத்துக்கு அஞ்சியும் சிலர் மறைக்கிறார்கள். உரிமம் இல்லாமல் கசகசாத் தோலை வைத்திருப்பதும் வாங்குவதும் கடத்துவதும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம்தான். "வெறும் தோல்தானே" என்று யாருக்காகவும் ஒரு மூட்டையை லாரியில் ஏற்றிவராதீர்கள். ஆனால் பழக்கத்துக்கு ஆளானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்று அதை முடித்தால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற அதே சட்டத்தின் 64ஏ பிரிவில் வழி இருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து பேச

1. நம் வீட்டுப் பெரியவர்கள் வலிக்கும் தூக்கத்துக்கும் என்னென்ன எடுக்கிறார்கள்? நாட்டு மருந்து என்று வந்தவற்றையும் சேர்த்து எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டினோமா?

2. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கடைசியாகக் கிரியாட்டினின் பார்த்தது எப்போது?

3. நள்ளிரவில் ஒருவரை எழுப்ப முடியவில்லை என்றால் முதலில் எந்த எண்ணை அழைப்பது என்று வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களை இந்தச் சோதனையிலிருந்து காப்பானாக. சிக்கியிருப்பவர்களுக்கு மீளும் வழியை இலேசாக்குவானாக. ஆமீன்.